ஃபிளாட் வட்டியில் டூ வீலர் லோன்: 12 சதவீதம் எப்படி 26 ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், புது வண்டி எடுக்கும் சொந்தக்காரர்கள் லோன் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவது வழக்கம். போன முறை வந்தவன் என் அக்கா மகன். ஷோரூமில் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: கடன் 72,000, 24 மாதம், மாதத் தவணை 3,720, பிராசஸிங் ஃபீஸ் 2,500. ஓரத்தில் ‘12% மட்டும்’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அவனும் அதன்பின் வேறு சிலரும் கேட்டவற்றை, அந்த ஒரே சீட்டை வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன். உங்கள் தொகை வேறாக இருக்கும், கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

12 சதவீதம்னு சொன்னாங்க. உண்மையில் எவ்வளவு?

கட்டணத்தைச் சேர்க்காமல் பார்த்தால் வருடத்துக்கு 21.6 சதவீதம். பிராசஸிங் ஃபீஸையும் அதன் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 26 சதவீதம். மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஏறுவதையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு என்று பார்த்தால் 29.3 சதவீதம்.

சீட்டில் இருந்த கணக்கு இது. 72,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 8,640 ரூபாய், இரண்டு வருடத்துக்கு 17,280. அசலும் வட்டியும் சேர்ந்து 89,280. அதை 24 ஆல் வகுத்தால் 3,720. கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இல்லை. 72,000 ரூபாயும் இரண்டு வருடம் முழுக்க உங்களிடமே இருப்பதாக வைத்து வட்டி போட்டிருக்கிறார்கள், ஃபிளாட் வட்டி என்பது இதுதான். தவறு அங்கேதான் இருக்கிறது.

மாசம் ஒரு பைசா வட்டிதானே? ஊர்ல கைமாத்து வாங்கினாலும் அதே ஒரு பைசாதானே?

பலரும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஊரில் தெரிந்தவரிடம் ஒரு பைசா வட்டிக்கு 72,000 வாங்கினால் மாதாமாதம் 720 ரூபாய் வட்டி கொடுப்பீர்கள். அசல் அப்படியே உங்களிடம் இருக்கும். இரண்டு வருடம் கழித்து 72,000 ரூபாயை மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பீர்கள். அதுவரை அந்தப் பணம் முழுதும் உங்கள் புழக்கத்தில் இருந்தது, அதற்குத்தான் வட்டி கொடுத்தீர்கள். அந்த ஒரு பைசா நிஜமாகவே ஒரு பைசா.

வண்டிக் கடனில் நீங்கள் கட்டும் 3,720இல் 3,000 ரூபாய் அசல், 720 ரூபாய் வட்டி. முதல் தவணை கட்டியதுமே உங்கள் கடன் 69,000 ஆகிவிடுகிறது. ஒரு வருடம் முடியும்போது 36,000தான் பாக்கி. ஆனால் வட்டி மட்டும் அதே 720. 24ஆவது மாதத்தை எடுத்துப் பாருங்கள்: அந்த மாதம் உங்களிடம் மிச்சமிருக்கும் அசல் வெறும் 3,000. அந்த 3,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருந்ததற்கு 720 ரூபாய் வட்டி. நூற்றுக்கு 24 ரூபாய், அதுவும் ஒரே மாதத்துக்கு. எந்தக் கந்துவட்டிக்காரரும் வாய்விட்டுக் கேட்கக் கூசும் விலை அது.

முதல் மாதம் 72,000, கடைசி மாதம் 3,000. சராசரியாக உங்களிடம் இருந்தது 37,500 ரூபாய்தான். அதற்கு வருடத்துக்கு 8,640 வட்டி என்றால் சுமார் 23 சதவீதம் வருகிறது. இது தோராயக் கணக்கு. சரியாகப் போட்டால் 21.6. மாதக் கணக்கில் 1.8 பைசா, கட்டணத்தையும் சேர்த்தால் 2.17 பைசா. ஊரார் வாயில் ‘ரெண்டு வட்டி’ என்று சொல்வோமே, அதற்கும் மேலே.

எப்படியும் 17,280தான் வட்டி. சதவீதத்தை எப்படிச் சொன்னா என்ன?

ஒரே ஒரு கடன்தான் கண்முன் இருக்கிறது என்றால் நீங்கள் சொல்வது சரி. கட்டப்போகும் ரூபாய் மாறாது. ஆனால் அக்கா மகன் இன்னொரு இடத்திலும் விசாரித்திருந்தான். அங்கே 20 சதவீதம், குறையும் நிலுவையில் வட்டி, அதாவது அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்றார்கள். ‘12 எங்கே, 20 எங்கே’ என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அதே 72,000, அதே 24 மாதம், குறையும் நிலுவையில் 20 சதவீதம் என்றால் தவணை சுமார் 3,665 ரூபாய். ஷோரூம் சொன்ன 12 சதவீதத்துக்குத் தவணை 3,720. அதாவது 20 என்று சொன்னவர் 12 என்று சொன்னவரை விட மலிவு, மாதம் 55 ரூபாய் மிச்சம். உண்மையிலேயே 12 சதவீதமாக, குறையும் நிலுவையில் கிடைத்திருந்தால் தவணை 3,390க்குள் முடிந்திருக்கும், மொத்த வட்டியும் 9,350 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். 17,280 என்பது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு கடன்களை ஒப்பிடும்போது அவர்கள் வாயால் சொல்லும் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஒரே தொகை, ஒரே மாதக் கணக்கு வைத்துக்கொண்டு தவணை எவ்வளவு, கையிலிருந்து முன்னதாக எவ்வளவு போகிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

பிராசஸிங் ஃபீஸ் ஒரே தடவைதானே? 2,500 ரூபாயால 21.6 எப்படி 26 ஆகும்?

முதலில், அது 2,500 அல்ல. வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பிராசஸிங் ஃபீஸுக்கு உண்டு, 18 சதவீதம். ஆக 450 சேர்ந்து 2,950. கடனிலிருந்தே பிடித்துக்கொண்டாலும் சரி, நீங்கள் கையில் கொடுத்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 69,050. தவணையோ 72,000க்குப் போட்டது.

இந்த 2,950 ரூபாய் 72,000இல் நான்கு சதவீதம்தானே, இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு இரண்டுதானே என்று தோன்றும். ஆனால் உங்களிடம் சராசரியாக இருந்தது 37,500 என்று மேலே பார்த்தோம். வருடத்துக்கு 1,475 ரூபாயை அந்தத் தொகைக்கு ஈடாக வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட நான்கு சதவீதம் வருகிறது. போதாததற்கு இந்தப் பணம் முதல் நாளே கையைவிட்டுப் போகிறது. அதனால் இன்னும் சற்று ஏறி 4.4 சதவீதம் கூடுகிறது.

கடன் சிறியதாக இருந்தாலோ, காலம் குறைவாக இருந்தாலோ இதே கட்டணம் இன்னும் கனமாக விழும்.

கம்ப்யூட்டர் இல்லாம ஷோரூம்லயே நானே போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், போன் இருந்தால் போதும். ஏதாவது ஒரு இ.எம்.ஐ. கால்குலேட்டரைத் திறங்கள். கடன் தொகை என்ற இடத்தில் 72,000 போடாதீர்கள், கட்டணம் போக மிச்சமான 69,050 போடுங்கள். மாதம் 24. வட்டி விகிதத்தை முதலில் 20 என்று வையுங்கள். தவணை 3,720ஐ விடக் குறைவாகக் காட்டும். 24 வையுங்கள், அப்போதும் 3,720க்குக் குறைவுதான். 26 வைக்கும்போது 3,720 வந்து நிற்கும். அதுதான் உங்கள் உண்மையான வட்டி. வழக்கமாக வட்டியைப் போட்டுத் தவணையைக் கண்டுபிடிப்போம், இங்கே தவணையை வைத்து வட்டியைத் தேடுகிறோம்.

அதற்கும் நேரமில்லை என்றால் ஃபிளாட் வட்டியை 1.8 ஆல் பெருக்குங்கள். 12 என்றால் 21.6. ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரையிலான கடனுக்கு, 10, 12 சதவீதம் சொல்லும் இடங்களில் இது பெரிதாகத் தவறாது. ஃபிளாட் வட்டி அதற்கு மேலே போகப் போக இந்தப் பெருக்கல் உண்மையை விடச் சற்றுக் கூட்டிக் காட்டும். கட்டணம் இதில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

எக்செல்ல எப்படிப் போடறது?

கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம்தான்.

```
=RATE(24,-3720,69050)*12
=(1+RATE(24,-3720,69050))^12-1
```

முதல் வரி 26 சதவீதம் தரும், இரண்டாவது 29.3 சதவீதம். தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் பிழை காட்டும். பணம் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் எதிரெதிர்க் குறி வேண்டும். விடை 0 அல்லது 0.26 என்று மொட்டையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அந்தக் கட்டத்தைச் சதவீதமாக மாற்றித் தசம இடங்களைக் கூட்டினால் சரியாகத் தெரியும்.

26ங்கறீங்க, 29.3ங்கறீங்க. எதை எடுத்துக்கறது?

இரண்டும் ஒரே கடன்தான். மாத வட்டி 2.1666 சதவீதம். அதை 12 ஆல் பெருக்கினால் 26. ஆனால் நூறு ரூபாயை அந்த விகிதத்தில் கொடுத்து, மாதாமாதம் வரும் வட்டியையும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு வருட முடிவில் 129 ரூபாய் 33 காசு ஆகும். அந்த 29.3தான் வருடத்துக்கான முழு விகிதம்.

கடனை இன்னொரு கடனோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் 26ஐ எடுங்கள். வங்கிகள் சொல்லும் குறையும் நிலுவை வட்டியும், கடன் பத்திரத்தில் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுச் செலவாக வரும் ஏ.பி.ஆர். என்ற எண்ணும் மாத விகிதத்தை 12 ஆல் பெருக்கியவைதான். வீட்டில் பணம் இருக்கிறது, டெபாசிட்டை உடைத்து ரொக்கமாக வாங்கலாமா, கடன் போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் 29.3ஐ எடுத்து, டெபாசிட்டில் ஒரு வருடத்தில் கைக்கு வரும் முழு வட்டியோடு பக்கத்தில் வையுங்கள். என் வீட்டில் யார் கேட்டாலும் இந்த இடத்தில் டெபாசிட்டை உடைக்கத்தான் சொல்வேன்.

முதல் டியூவை முன்னாடியே கட்டச் சொல்றாங்க. கடன் சீக்கிரம் முடியும், நல்லதுதானே?

ஒரு மாதம் முன்னால் முடியும், உண்மைதான். ஆனால் முதல் நாளே 3,720 போய்விட்டால் உங்களுக்குக் கிடைத்த கடன் 65,330. அதற்கு 23 தவணை கட்டுகிறீர்கள். வாங்காத 3,720க்கும் சேர்த்து இரண்டு வருட வட்டி 17,280இல் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டால் 26 சதவீதம் 28.5 ஆகிறது, வருடத்துக்கான முழு விகிதம் 32.6. அட்வான்ஸ் டியூ கட்டும் அளவுக்குக் கையில் பணம் இருந்தால் அதை டவுன் பேமென்ட்டில் சேர்த்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது வட்டியும் குறையும், தவணையும் குறையும்.

36 மாசம் போட்டா வட்டி குறையுமா?

விகிதம் குறையும், ரூபாய் கூடும். இதே 12 ஃபிளாட், இதே கட்டணம் வைத்து 12 மாதக் கடன் என்றால் உண்மை வட்டி சுமார் 29.7 சதவீதம். 24 மாதத்துக்கு 26. 36 மாதத்துக்கு 24.3. கட்டணம் நீண்ட காலத்தில் பரவுவதுதான் காரணம். ஆனால் வட்டியாகக் கட்டும் தொகை 12 மாதத்தில் 8,640, 36 மாதத்தில் 25,920. சதவீதம் குறைகிறதே என்று காலத்தை நீட்டாதீர்கள். தவணை எவ்வளவு தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு வருஷத்துலயே அடைச்சுட்டா பாதி வட்டி மிச்சமாகுமா?

ஆகாது. அடைக்கப் போகும் நாளில் நிறையப் பேர் அலுவலகத்தில் சண்டை போடுவது இதற்காகத்தான்.

மேலே 3,000 அசல், 720 வட்டி என்று சமமாகப் பிரித்தோம் அல்லவா, அது ஷோரூமில் உங்களுக்குச் சொல்லும் கணக்கு. கம்பெனியின் புத்தகத்தில் அப்படி இருக்காது. அங்கே உண்மையான 21.6 சதவீதத்தை வைத்துக் குறையும் நிலுவையில்தான் எழுதுவார்கள். முதல் மாதத் தவணையில் வட்டி 720 அல்ல, 1,294 ரூபாய். அசலில் கழிவது 2,426 மட்டும்.

இப்படியே போனால் 12 தவணை, அதாவது 44,640 ரூபாய் கட்டிய பிறகு நிலுவை சுமார் 39,830 இருக்கும். நீங்கள் 36,000 என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். 17,280 வட்டியில் 12,470 ரூபாய் முதல் வருடத்திலேயே போய்விட்டது. மிச்சமாவது 4,810 ரூபாய்தான். அதிலும் ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எழுதியிருந்தால் நிலுவையின் மேல் அந்தச் சதவீதமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் போகும். பிராசஸிங் ஃபீஸ் திரும்பி வராது.

விற்கும்போது ஃபிளாட், அடைக்கும்போது குறையும் நிலுவை. இரண்டு இடத்திலும் வேறு வேறு அளவுகோல் வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கையெழுத்துப் போடும் முன்பே தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, 12ஆவது வரிசையில் நிலுவை என்ன என்று பார்த்துவிடுங்கள். பின்னால் அதிர்ச்சி இருக்காது.

இன்சூரன்ஸ், டாக்குமென்ட் சார்ஜுன்னு நிறைய போட்டிருக்கு. எதையெல்லாம் கணக்குல சேர்க்கணும்?

ஒவ்வொன்றையும் விரல் வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது வண்டியின் செலவு. வண்டி இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அப்படி. வந்திருக்காது என்றால் அது கடனின் செலவு. டாக்குமென்ட் சார்ஜ், முத்திரைத்தாள், கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆனால் கடனை அடைக்கும் காப்பீடு, ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் ஏற்றும் செலவு ஆகியவற்றை 2,950ஓடு கூட்டி, 72,000இலிருந்து கழித்துவிட்டுத்தான் மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும்.

சீட்டில் வராத செலவு ஒன்று உண்டு. ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியைச் சில இடங்களில் கடனுக்குத் தர மாட்டார்கள். அந்தத் தள்ளுபடியும் நீங்கள் கடனுக்காகக் கொடுத்த விலையே.

உண்மை வட்டியை எழுத்துல கொடுங்கன்னு கேட்க முடியுமா?

கேட்கலாம், அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு கே.எஃப்.எஸ். என்ற விவரத்தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே கேளுங்கள். அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளாவது செல்லும். அதனால் ‘இன்னைக்கே கையெழுத்துப் போடணும்’ என்ற அவசரத்துக்கு இடமில்லை, வீட்டுக்கு எடுத்துவந்து பார்க்கலாம். அந்தத் தாளில் காட்டாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது.

அதில் ஏ.பி.ஆர். என்ற வரியைத் தேடுங்கள். வட்டி, கட்டணம், கடனுக்காக எடுத்த காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அதுதான். அக்கா மகனின் கடனுக்கு அங்கே 26ஐ ஒட்டிய எண் இருக்க வேண்டும். 21.6 என்று இருந்தால் கட்டணத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். 12 என்றே இருந்தால் ஃபிளாட் வட்டியைத் தூக்கி அங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும் போனில் போட்ட கணக்கைக் காட்டித் திருத்திய தாளைக் கேளுங்கள்.

அவன் கேட்டான். மறுநாள் வந்த தாளில் 25.99 என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் 20 சதவீதம் என்று சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போனான்.